ஸ்கிரீன்ஷாட்டின் கணக்குப் பிழைகள்

2021 ஆகஸ்டில் நியூயார்க்கின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஒரு வழக்கைத் தள்ளுபடி செய்தது. மருத்துவமனையில் வேலை பார்த்த செவிலியர் ஒருவர், மேற்பார்வையாளர் தனக்குப் பாலியல் தொந்தரவு கொடுத்தார் என்றும் பிறகு தன்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்றும் தொடுத்த வழக்கு அது. மேற்பார்வையாளர் அனுப்பியதாகச் சொன்ன குறுஞ்செய்திகளின் படம்தான் அதில் முக்கியச் சான்று. செய்திகள் வந்தது பழைய ஐபோன் 5-இல், அதன் திரை விரிசல்விட்டுப் போனதால் புதிய ஐபோன் எக்ஸைக் கொண்டு அந்தத் திரையைப் படம் எடுத்தேன் என்பது அவருடைய விளக்கம்.

எதிர்த்தரப்பின் தடயவியல் நிபுணர் செய்திகளின் வாசகத்தை விட்டுவிட்டு அதில் இருந்த எமோஜியைப் பார்த்தார். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இதயங்கள் கொண்ட மஞ்சள் முகம். அந்தப் படத்தில் இருந்த வடிவில் அது தோன்றுவது ஐஓஎஸ் 13-இலும் அதற்குப் பின் வந்த பதிப்புகளிலும்தான். ஐபோன் 5 ஐஓஎஸ் 10-ஐத் தாண்டி ஏறாது. அப்படியானால் அந்தப் படம் ஐபோன் 5-இன் திரையாக இருக்க வழியில்லை. திரையின் வேறு சில கூறுகளும் அந்தப் பழைய பதிப்போடு ஒத்துப்போகவில்லை. நீதிபதி டெனிஸ் கோட், அந்தச் சான்று புனையப்பட்டது என்று முடிவுசெய்து வழக்கையே முடித்துவைத்தார். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தள்ளுபடியை உறுதிசெய்தது.

மேற்பார்வையாளர் அப்படிப் பேசக்கூடியவரா, அந்தப் பெண் பொய் சொல்லக்கூடியவரா என்ற கேள்விக்குள் போகாமலே படத்தின் கதை முடிந்துவிட்டது என்பது இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது. சாட் திரை, மென்பொருள் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டு அடுக்கும் ஒன்று. எழுத்தின் அளவு, வரி எங்கே மடிய வேண்டும், குமிழியின் அகலம், இரண்டு குமிழிகளுக்கு நடுவே எத்தனை புள்ளி இடைவெளி, நேரம் எந்த மூலையில் நிற்க வேண்டும் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. மென்பொருள் அந்த விதியை மறப்பதில்லை. போலி செய்கிறவர் விளைவை மட்டும் பார்த்து வரைகிறார். பெரும்பாலான விதிகளை அவர் தம்மை அறியாமலே பின்பற்றிவிடுவார், ஒன்றிரண்டில் சறுக்குவார். அந்தச் சறுக்கல்களைக் கண்டுபிடிப்பது எப்படி, அவற்றுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். எடை பற்றிய கேள்வியே கடினமானது. நேர்மையான படத்திலும் விசித்திரங்கள் வரும், கச்சிதமான போலியில் ஒன்றுமே இருக்காது.

திரையின் உச்சியிலிருந்து தொடங்கலாம். கடிகாரம், சிக்னல், பேட்டரி ஆகியவை இருக்கும் அந்த மெல்லிய பட்டை உரையாடலுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும். போலி செய்கிறவர்கள் அதைக் கவனிக்காமல் விடுவதும் அதனால்தான். ஆனால் ஐபோனில் அந்தப் பட்டை ஒரு காலமுத்திரை. 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் ஐஓஎஸ் 10 வரை சிக்னல் ஐந்து புள்ளிகளாகத் தெரிந்தது, 2017-இன் ஐஓஎஸ் 11-இல் மறுபடியும் ஏறுவரிசைக் கோடுகள் ஆனது. 2017-இன் ஐபோன் எக்ஸ் வரும்வரை கடிகாரம் நடுவில் இருந்தது. அந்த மாடலில் மேல்விளிம்பு வெட்டப்பட்டதால் கடிகாரம் இடப்பக்கம் போனது, பேட்டரியின் சதவீத எண்ணுக்கும் பட்டையில் இடமில்லாமல் போனது. 2022-இல் ஐஓஎஸ் 16 அந்த எண்ணைப் பேட்டரிச் சின்னத்துக்குள்ளேயே எழுதிக் கொண்டுவந்தது. அதன் முதல் வெளியீட்டில் ஒரு வேடிக்கையும் இருந்தது. சதவீதம் குறைந்துகொண்டே போனாலும், பேட்டரி மிகக் குறைந்த நிலைக்கு வரும்வரை சின்னம் முழுதாக நிரம்பியதாகவே தெரிந்தது. பயனர்கள் குறைசொன்ன பிறகு 16.1-இல்தான் எண்ணுக்கு ஏற்றபடி சின்னமும் காலியாகத் தொடங்கியது. ஆகவே 2021-இல் எடுத்ததாகச் சொல்லப்படும் ஐபோன் படத்தில் பேட்டரிக்குள் எண் இருந்தால், உரையாடலைப் படிப்பதற்கு முன்பே அந்தத் தேதியைச் சந்தேகிக்கலாம்.

கடிகாரம் 9:41 என்று காட்டி, சிக்னலும் பேட்டரியும் முழுதாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆப்பிள் தன் விளம்பரப் படங்களில் வழக்கமாக வைக்கும் நேரம் அது. வடிவமைப்பாளர்களுக்கான ஆயத்த வார்ப்புகள் பலவற்றிலும் அதே நேரம் குடியேறிவிட்டது. போலி செய்கிறவர் வார்ப்பை இறக்கிக் குமிழிகளை மட்டும் மாற்றிவிட்டு மேல்பட்டையை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் 9:41 என்பது நிஜத்திலும் தினம் இரண்டு முறை வருகிற நேரம். அது கேள்வி எழுப்பப் போதும், தீர்ப்புச் சொல்லப் போதாது.

பேட்டரியின் உண்மையான பயன், ஒரே உரையாடலுக்குப் பல படங்கள் கொடுக்கப்படும்போது தெரியும். நேரம் ஏறவேண்டும், சார்ஜ் ஏறாத போனில் பேட்டரி இறங்கவேண்டும். போலி செய்கிறவர் ஒவ்வொரு படத்தையும் தனியாகச் செய்வதால் இந்த இரண்டையும் சேர்த்து யோசிப்பதில்லை. எளிய சோதனைதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பொதுவாக அந்தப் பட்டையில் மணி இருக்கும், தேதி இருக்காது. முதல் படம் செவ்வாய்க்கிழமை மாலையிலும் இரண்டாவது படம் புதன்கிழமை மாலையிலும் எடுத்ததாக இருந்தால் பேட்டரி ஏறியிருப்பதில் வியப்பே இல்லை. இரண்டும் ஒரே நாள் என்பதைக் குமிழிகளுக்கு நடுவே வரும் நாள்பட்டையைக் கொண்டு முதலில் நிறுவ வேண்டும். அதன் பிறகுதான் பேட்டரியைச் சாட்சிக்கு அழைக்கலாம்.

மேல்பட்டையை நிஜமான போனிலேயே விரும்பியபடி அமைக்கவும் முடியும். விளம்பரப் படம் எடுப்பவர்களுக்காக ஆண்ட்ராய்டில் 6-ஆம் பதிப்பிலிருந்தே ஒரு மாதிரிக்காட்சி முறை இருக்கிறது. கணினியோடு இணைத்து இதுபோல இரண்டொரு கட்டளை கொடுத்தால் கடிகாரமும் பேட்டரியும் சொன்னபடி நிற்கும்:

```
adb shell settings put global sysui_demo_allowed 1
adb shell am broadcast -a com.android.systemui.demo -e command clock -e hhmm 1914
adb shell am broadcast -a com.android.systemui.demo -e command battery -e level 41 -e plugged false
```

எனவே பட்டை சரியாக இருக்கிறது என்பதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பட்டை தவறாக இருப்பதிலிருந்து மட்டுமே ஏதாவது கிடைக்கும்.

இனி குமிழிக்குள் போகலாம். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு குமிழியின் கீழ் வலது மூலையிலும் சிறிய எழுத்தில் நேரம் இருக்கும். அது அங்கே நிற்பதற்கு ஒரு விதி உண்டு. கடைசி வரி குட்டையாக இருந்து வலப்பக்கம் இடம் மிஞ்சினால் நேரம் அதே வரியின் ஓரத்தில் ஏறிக்கொள்ளும். கடைசி வரி குமிழியின் முழு அகலத்தையும் பிடித்துக்கொண்டால் நேரம் அடுத்த வரிக்கு இறங்கும், குமிழி அந்த அளவுக்கு உயரும். போலிப்படங்களில் இது இரண்டு விதமாகக் கெடுகிறது. சில இணையக் கருவிகள் எல்லாக் குமிழிக்கும் கீழே நேரத்துக்கென்று தனி வரி வைத்துவிடுகின்றன. நிஜப்படத்தைத் திருத்துகிறவர்களோ பழைய வாசகத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறார்கள். குமிழியின் அகலமும் நேரத்தின் இடமும் பழைய வாசகத்துக்காகக் கணக்கிடப்பட்டவை. புதிய வாசகம் குட்டை என்றால் குமிழிக்குள் காரணமில்லாத வெற்றிடம் மிஞ்சும். நீளம் என்றால் எழுத்து வலது விளிம்பைத் தொடும், அல்லது அடுத்த சொல்லுக்கு நன்றாகவே இடம் இருக்கும்போது வரி முன்கூட்டியே மடியும். மென்பொருள் சொல் கொள்ளும்வரை அதே வரியில் வைக்கும், மனிதர் அழகு பார்த்து மடிப்பார். என் அனுபவத்தில், திருத்தப்பட்ட படங்களில் முதலில் கண்ணில் உறுத்துவது இந்த வெற்றிடம்தான். ஏன் உறுத்துகிறது என்பது பிறகுதான் பிடிபடும்.

குமிழிகளுக்கு இடையேயான தூரமும் அப்படித்தான். ஒரே ஆள் அடுத்தடுத்து அனுப்பிய செய்திகள் நெருங்கி நிற்கும், ஆள் மாறும்போது இடைவெளி கூடும். ஆக, இரண்டே அளவுகள். அது எத்தனை புள்ளி என்பது போனுக்குப் போன் மாறும், ஆனால் ஒரே படத்துக்குள் மாறாது. பெரிதாக்கிப் புள்ளிகளை எண்ணினால் போதும். வாட்ஸ்அப் வழியே வந்த படம் என்றால் ஒரு புள்ளி முன்பின் இருக்கலாம். அது வழக்கமான தரத்தில் அனுப்பும்போது படத்தைச் சுருக்குவதால் 1080-க்கு 2400 என்றிருந்த திரை 720-க்கு 1600 ஆகிவிடும். ஒரு புள்ளி வித்தியாசம் சுருக்கத்தால் வரலாம், ஐந்து புள்ளி வராது.

இடைவெளியில் இன்னொரு நுட்பம், கண்ணுக்குச் சட்டென்று தெரியாதது. `7:14 PM` என்பதில் எண்ணுக்கும் `PM`-க்கும் நடுவே இருக்கும் இடம் எந்த இடம்? யூனிகோட் கூட்டமைப்பு நாள், நேரம் எழுதும் முறைகளுக்கு ஒரு தரவுத் தொகுப்பைப் பராமரிக்கிறது. 2022 அக்டோபரில் வந்த அதன் 42-ஆம் பதிப்பில், ஆங்கில நேர வடிவத்தின் சாதாரண இடைவெளிக்குப் பதிலாக வரி உடையாத குறுகிய இடைவெளி வைக்கப்பட்டது. அதன் குறியெண் `U+202F`. அந்தத் தரவைப் பயன்படுத்தும் மென்பொருள்களில் அது தானாக வந்து சேர்ந்தது. பல நிரல்கள் உடைந்துபோய் நிரலாளர்கள் புலம்பியது தனிக்கதை. படத்தில் அது கொஞ்சம் ஒடுங்கிய இடைவெளி, அவ்வளவுதான். ஆனால் வாட்ஸ்அப் உரையாடலை எழுத்துக்கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுக்கும்போது அது அப்படியே கோப்புக்குள் இருக்கும். விசைப்பலகையில் தட்டிச் சேர்த்த வரியில் இருப்பது சாதாரண இடைவெளி. இருநூறு வரியில் `U+202F` இருந்து, தகராறுக்குரிய ஒரே வரியில் மட்டும் இல்லாமல் போனால் அந்த வரி வேறு வழியில் உள்ளே வந்தது என்று அர்த்தம். கோப்பு முழுவதும் அது இல்லையென்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. பழைய போனாக இருக்கலாம், 24 மணி முறையாக இருக்கலாம்.

குமிழியின் வடிவத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் ஒருவர் தொடர்ந்து அனுப்பும் செய்திகளில் முதல் குமிழிக்கு மட்டும் மேல் மூலையில் சின்ன வால் இருக்கும், மற்றவை வாலில்லாமல் நிற்கும். ஆப்பிளின் ஐமெசேஜில் தலைகீழ், கடைசிக் குமிழிக்குக் கீழ் மூலையில் வால். போலிக் கருவிகள் சில எல்லாவற்றுக்கும் வால் ஒட்டிவிடும். ஒரு குமிழியை வெட்டி நடுவில் செருகுகிறவர், வாலோடு வெட்டிய துண்டை வால் இருக்கக்கூடாத இடத்தில் வைத்துவிடுவார். இதைவிட அடிக்கடி காண்பது கலப்பினம். உச்சியில் ஐபோனின் பட்டை இருக்கும், அடியில் எழுதும் இடத்துக்கு வலப்புறம் பச்சை வட்டத்துக்குள் மைக், அதாவது ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் முகம் இருக்கும். எந்தப் போனும் இப்படி ஒரு திரையைக் காட்டாது.

தமிழ் எழுத்தே நமக்குக் கிடைத்த கூடுதல் தடயம். ஆங்கிலப் போலிகளை ஆராய்பவர்களுக்கு இந்த வசதி இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் பொதுவாகத் தமிழைக் காட்டுவது நோட்டோ சான்ஸ் தமிழ். ஐபோனில் தமிழ் சங்கம் எம்என். விண்டோஸ் கணினியில் எட்டாம் பதிப்பு முதல் நிர்மலா யூஐ, அதற்கு முன் லதா. இவற்றின் ழகரத்தையும் ஐகார உயிர்மெய்யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இணைய உலாவியில் இயங்கும் போலிக் கருவி, தமிழ் எழுத்துரு தன்னிடம் இல்லாதபோது எந்தக் கணினியில் ஓடுகிறதோ அதன் எழுத்துருவை வாங்கிக்கொள்ளும். விளைவு, ஆண்ட்ராய்டு குமிழிக்குள் நிர்மலா யூஐ.

படத்தொகுப்பு மென்பொருளில் செய்தால் வேறு விதமாகக் கெடும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ உடைந்து கால் ஒரு பக்கமும் கொம்பு ஒரு பக்கமுமாகக் கிடக்கும். இதைத் தவிர்க்கத் தெரிந்தவர்கள், அதாவது நோட்டீஸும் ஃபிளெக்ஸும் அடித்துப் பழகியவர்கள், பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களுக்குப் போய்விடுவார்கள். எழுத்து உடையாது, ஆனால் கல்யாணப் பத்திரிகையின் எழுத்து வாட்ஸ்அப் குமிழிக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். சாட் செயலிகள் யூனிகோடில் இயங்குபவை, பாமினிக்கு அங்கே வேலையே இல்லை. ஒரே படத்தில் எட்டுக் குமிழிகள் ஒரு எழுத்துருவிலும் ஒரு குமிழி மட்டும் வேறு எழுத்துருவிலும் இருந்தால் இதைவிட வலுவான சான்று படத்துக்குள் கிடைப்பது அரிது. எல்லாக் குமிழியும் சேர்ந்து விசித்திரமாக இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. சாம்சங், ஷாவ்மி போன்களில் எழுத்துருவை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு.

இவ்வளவையும் ஒரு வழக்கில் பொருத்திப் பார்ப்போம். விளக்கத்துக்காக அமைத்த வழக்கு இது. வீட்டைக் காலி செய்த குடித்தனக்காரருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் அட்வான்ஸ் பணம் ஒன்றரை லட்சத்தில் தகராறு. வெள்ளையடிக்கும் செலவைக் கழித்துக்கொண்டுதான் தருவேன் என்கிறார் உரிமையாளர். முழுதாகத் தருவதாக எழுதிக் கொடுத்தீர்களே என்று குடித்தனக்காரர் இரண்டு வாட்ஸ்அப் படங்களைக் காட்டுகிறார். இரண்டும் ஆண்ட்ராய்டு போனில் எடுத்தவை, இரண்டிலும் மேலே ‘இன்று’ என்ற நாள்பட்டை தெரிகிறது.

முதல் படத்தின் கடிகாரம் 7:14, பேட்டரி 41. கடைசிக் குமிழி உரிமையாளருடையது, நேரம் மாலை 7:11: “சுவர் எல்லாம் பார்த்தாச்சு சார், பெரிசா ஒண்ணும் இல்லை.” இரண்டாவது படத்தின் கடிகாரம் 7:15, பேட்டரி 58, சார்ஜ் ஏறும் மின்னல் குறி இல்லை. முதல் படத்தின் கடைசிக் குமிழியே இதில் மேலே இருக்கிறது. அதற்குக் கீழே உரிமையாளரின் அடுத்த செய்தி, நேரம் 7:13: “அட்வான்ஸ்ல எதுவும் கழிக்கல. ஒன்றரை லட்சமும் பத்தாம் தேதிக்குள்ள தந்துடறேன்.” அதன் கீழ் குடித்தனக்காரரின் “நன்றி சார்”, நேரம் 7:13.

முதலில் பேட்டரி. ‘இன்று’ என்ற பட்டை இரண்டிலும் இருப்பதாலும், உரையாடலின் அதே பகுதி இரண்டிலும் தெரிவதாலும் இரண்டும் ஒரே நாள்தான். ‘இன்று’ என்பது மறுநாள் ‘நேற்று’ ஆகிவிடும். கடிகாரங்கள் ஒன்று காலையும் மற்றது மாலையுமாக இருக்க வழியில்லை, முதல் படத்திலேயே மாலை 7:11 செய்தி வந்துவிட்டது. ஆக ஒரு நிமிடத்தில், அதிகம் போனால் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக, பதினேழு சதவீதம் ஏறியிருக்கிறது. சார்ஜில் போட்டிருந்தாலும் சாதாரணப் போன்கள் அந்த வேகத்தில் ஏறுவதில்லை, இங்கே மின்னல் குறியும் இல்லை. இரண்டு படங்களில் ஒன்றாவது சொல்லப்படும் நேரத்தில் அந்தப் போனில் எடுத்தது அல்ல.

அடுத்தது, 7:14-இல் எடுத்த முதல் படத்தில் 7:13 செய்திகள் ஏன் இல்லை? மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் வலப்பக்கம் கீழே இறங்கும் அம்புக்குறி வட்டம் தெரியவேண்டும், அது இல்லை. உரையாடலின் அடிவரை காட்டும் படம் அது. உரிமையாளரின் செய்தி நெட்வொர்க் தாமதத்தால் பிந்தி வந்தது என்று வாதிடலாம். அது நடக்கக்கூடியது, குமிழிகளின் நேரம் முன்பின்னாக மாறித் தெரிவதும் அதனால் உண்டு. ஆனால் “நன்றி சார்” குடித்தனக்காரரே அதே போனிலிருந்து 7:13-க்கு அனுப்பியது. தான் அனுப்பியது தன் திரையில் உடனே வந்துவிடும். அது 7:14 படத்தில் இல்லாமல் போவதற்கு நெட்வொர்க்கைக் குறைசொல்ல முடியாது. நேரத்தை வைத்து வாதிடும்போது வந்த செய்தியையும் போன செய்தியையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பது இதனால்தான்.

மூன்றாவது, இரண்டு படத்திலும் இருக்கும் அந்தப் பொதுக்குமிழி. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. அதே போன், அதே எழுத்தளவு, அதே வாசகம் என்றால் வரி அதே இடத்தில் மடியவேண்டும். முதல் படத்தில் ‘சார்,’ என்பதற்குப் பின் மடிகிறது, இரண்டாவதில் ‘பார்த்தாச்சு’ என்பதற்குப் பின். ஒரு நிமிடத்துக்குள் எழுத்தளவை மாற்றினால் ஒழிய இது நடக்காது. மாற்றியிருந்தால் எழுத்தின் உயரமே வேறாக இருக்கும். அளந்து பார்த்தால் உயரம் மாறவில்லை. இரண்டாவது படத்தின் குமிழி மறுபடியும் வரையப்பட்டது.

நான்காவது, தகராறுக்குரிய 7:13 குமிழி. மற்ற இடங்களில் ஒரே ஆளின் குமிழிகளுக்கு இடையே நான்கு புள்ளி, இதற்கும் இதற்கு முந்தையதற்கும் இடையே ஒன்பது. உரிமையாளரின் இரண்டாவது தொடர்செய்தியாக இருந்தும் வால் இருக்கிறது. கடைசி வரியில் ‘தந்துடறேன்’ மட்டும் நிற்க, பக்கத்தில் நிறைய இடம் இருந்தும் நேரம் கீழ்வரியில் இருக்கிறது. இவை மூன்றும் மூன்று தனிச்சான்றுகள் அல்ல. குமிழியை வேறு இடத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்த ஒரே செயலின் மூன்று அடையாளங்கள் அவை, ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். பிழைகளை எண்ணிக் கூட்டி, இத்தனை பிழை, ஆகவே போலி என்று சொல்லும் ஆய்வறிக்கைகள் இங்கேதான் சறுக்குகின்றன.

இடைவெளிக்கும் வாலுக்கும் குற்றமற்ற காரணங்கள் இருக்க முடியும். திரை நகர நகர ஒரே நீளப்படமாக எடுக்கும் வசதி பல போன்களில் உண்டு. துண்டுகளை மென்பொருள் ஒட்டும்போது தையல் விழும் இடத்தில் இடைவெளி பிசகலாம், குமிழி பாதி வெட்டுப்படலாம், ஒரே குமிழி இரண்டு முறை வரலாம். வாட்ஸ்அப்பின் பெயரில் உலவும் அதிகாரபூர்வமற்ற மாற்றுச் செயலிகளில் குமிழியின் வடிவத்தையும் டிக்கின் வடிவத்தையும் பயனரே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இந்தக் காரணங்கள் படம் முழுவதையும் பாதிக்கும், அல்லது தையல் விழும் ஒரே கிடைக்கோட்டில் தெரியும். சொந்த ஆதாயம் தரும் அந்த ஒரே குமிழியை மட்டும் தேடிவந்து கெடுக்காது. நம் வழக்கில் சந்தேகம் தீர்வது பேட்டரியாலும் பொதுக்குமிழியாலும். வாலும் இடைவெளியும் வெட்டு எங்கே நடந்தது என்று காட்டுகின்றன.

இதே குடித்தனக்காரர் கொஞ்சம் யோசித்திருந்தால் இத்தனை பாடும் தேவைப்பட்டிருக்காது. வேறொரு எண்ணை உரிமையாளரின் பெயரில் தன் போனில் பதிந்து, அவருடைய முகப்புப்படத்தையும் அதில் வைத்து, அந்த எண்ணிலிருந்து தனக்கே செய்தி அனுப்பிக்கொண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கலாம். வாட்ஸ்அப்பே வரைந்த திரை அது. வால், இடைவெளி, எழுத்துரு, வரிமடிப்பு, பேட்டரி எல்லாம் சுத்தமாக இருக்கும். உரையாடலின் தலையில் தெரியும் பெயர் போனின் சொந்தக்காரர் வைத்த பெயர். அதற்குப் பின்னால் எந்த எண் என்பது அந்தப் படத்தில் இல்லை. இதனால்தான் இந்தச் சோதனைகளால் ஒரு படத்தை மறுக்க மட்டுமே முடியும். தேறிவிட்ட படத்தை ‘அசல்’ என்று எழுதிக்கொடுக்கும் நிபுணர் தன் கையில் இல்லாத ஒன்றைக் கொடுக்கிறார்.

இந்தியச் சட்டத்தில் மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக ஏற்கச் சான்றிதழ் தேவை. சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்த அந்தத் தேவையை, 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயம் என்று வலியுறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியமின் 63-ஆம் பிரிவு அதைத் தொடர்கிறது, கோப்பின் ஹாஷ் மதிப்பையும் சான்றிதழில் கேட்கிறது. நீதிமன்றத்துக்குக் கொடுத்த கோப்பு பிறகு மாறவில்லை என்று காட்ட ஹாஷ் உதவும். அந்தக் கோப்பு உருவான நொடியிலேயே பொய்யாக இருந்தால் பொய்யைத்தான் அது பத்திரமாகக் காக்கும்.

ஆகவே குடித்தனக்காரரிடம் அடுத்துக் கேட்க வேண்டியது போன். ஃபார்வர்டு ஆகிவந்த படம் போதாது. உரையாடலைத் திறந்து, தொடர்பு விவரத்தில் எண்ணைக் காட்டி, அங்கிருந்து தகராறுக்குரிய செய்திவரை திரையை நகர்த்துவதை இன்னொரு கேமராவில் பதிவுசெய்யலாம். உரையாடலை ஏற்றுமதி செய்து, உரிமையாளரின் போனிலிருந்து எடுத்த ஏற்றுமதியோடு வரிக்கு வரி ஒப்பிடலாம். வாட்ஸ்அப் நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லை. சேர்ந்துவிட்ட செய்தி அதன் சர்வரில் தங்குவதில்லை, சேராத செய்தியை முப்பது நாள் வைத்திருந்துவிட்டு அழித்துவிடும். உரிமையாளரின் போனில் அந்தச் செய்தி இல்லை என்பதும் தனியாகப் போதாது, அவர் தன் பக்கத்தில் மட்டும் அழித்திருக்கலாம், அதற்கு அவர் திரையில் சுவடு இருக்காது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தன் செய்திகளை வைத்திருக்கும் `msgstore.db` என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு செய்தியும் வரிசை எண்ணோடு பதிவாகிறது. தடயவியல் ஆய்வகம் அந்த எண்களில் விடுபட்டதைப் பார்த்து அந்த இடத்தில் ஏதோ இருந்து போயிருக்கிறது என்று சொல்லக்கூடும். போனது எந்த வாசகம் என்பது, அந்த இடத்தின்மேல் வேறு தரவு எழுதப்படாமல் இருந்தால் மட்டுமே கிடைக்கும்.